தீபாவளி ஸ்கீம் கடிதம்: விநியோகஸ்தர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கும்படி எழுதுவது எப்படி

பண்டிகைக் கால ஸ்கீம் கடிதத்தில் உள்ள ஓட்டைகள் ஆகஸ்டில் யார் கண்ணிலும் படுவதில்லை. தீபாவளி முடிந்து, நவம்பர் கடைசியில் கிரெடிட் நோட் வரும்போதுதான் வெளியே தெரியும். விநியோகஸ்தர் அறுபதாயிரம் எதிர்பார்த்திருப்பார். கம்பெனி முப்பத்தெட்டாயிரம் அனுப்பியிருக்கும். இருவர் கையிலும் இருப்பது ஒரே கடிதம்தான். அதில் "கவர்ச்சியான ஊக்கத்தொகை", "இலக்கை எட்டினால் கூடுதல் பலன்", "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்றெல்லாம் இருக்கும். எதன் மேல் எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை, எது கழிக்கப்படும் என்பது மட்டும் இருக்காது.

ஒரு ஸ்கீம் கடிதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை போதும். விநியோகஸ்தரின் கணக்கர் ஏரியா மேனேஜரைக் கூப்பிடாமல், அந்தக் கடிதத்தையும் தன் கொள்முதல் பில்களையும் மட்டும் வைத்துக்கொண்டு கிரெடிட் நோட் தொகையை ரூபாய் வரை சொல்ல முடிய வேண்டும். அப்படி ஒரு கடிதத்தை எப்படித் தயாரிப்பது என்று இங்கே படிப்படியாகப் பார்ப்போம். உதாரணத்துக்குக் கோவையில் மிக்ஸி தயாரிக்கும் ஒரு நிறுவனம், மதுரையில் ஒரு விநியோகஸ்தர், 2026 தீபாவளி என்று வைத்துக்கொள்வோம். நிறுவனமும் எண்களும் கற்பனை. தேதிகளும் வரி விதிகளும் உண்மையானவை.

முதலில் தேதி: போன வருடத்து மாதத்தை அப்படியே எடுக்காதீர்கள்

டார்கெட் போடும்போது பெரும்பாலோர் செய்வது, போன வருடம் செப்டம்பர், அக்டோபரில் எவ்வளவு வாங்கினார் என்று எடுத்து அதன் மேல் 15 சதவீதம் ஏற்றுவது. தீபாவளி ஆங்கில மாதத்தோடு நிற்பதில்லை. 2025இல் அது அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. இடையில் 19 நாள் வித்தியாசம். போன வருடம் அக்டோபரின் கடைசிப் பத்து நாள் பண்டிகை முடிந்த மந்தமான நாட்கள். இந்த வருடம் அதே பத்து நாள்தான் விற்பனையின் உச்சம். அதேபோல் போன ஆகஸ்டின் பின்பாதியிலேயே கடைக்காரர்கள் சரக்கு எடுக்கத் தொடங்கியிருப்பார்கள்; அந்தப் பில்லிங் உங்கள் அடிப்படைக் கணக்கில் வராமலே போகும்.

அதனால் பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இந்த வருடக் காலம் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை என்றால், அது தீபாவளிக்கு 68 நாள் முன்பு தொடங்கி 8 நாள் முன்பு முடிகிறது. போன வருடத்தில் அதற்கு ஈடான காலம் 2025 ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 12 வரை. இரண்டும் 61 நாள். இந்த இரண்டு தேதி ஜோடிகளையும் கடிதத்திலேயே எழுதுங்கள். "போன வருட அளவு" என்று மட்டும் எழுதினால் விநியோகஸ்தர் தன் லெட்ஜரில் செப்டம்பர்–அக்டோபரை எடுத்துப் பார்ப்பார். உங்கள் எண்ணோடு அது பொருந்தாது. சண்டை அங்கேயே ஆரம்பிக்கும்.

நவம்பர் 7 வரை நீட்டாமல் அக்டோபர் 31இல் நிறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. கம்பெனி விநியோகஸ்தருக்குப் போடும் பில், அதாவது பிரைமரி, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் சரக்கு கடைக்குப் போய், அங்கிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போக நேரமில்லை. பொங்கல் வரை குடோனில்தான் கிடக்கும்.

மிக்ஸி அல்லாத பொருள் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களின் ஜிஎஸ்டி குறைந்தது. பெரிய டிவி, ஏசி 28இலிருந்து 18க்கும், பிஸ்கட் 18இலிருந்து 5க்கும் வந்தன. குறைப்பு வருகிறது என்று ஆகஸ்ட் நடுவிலேயே தெரிந்துவிட்டதால், அந்தப் பொருட்களில் கடைகள் கொள்முதலைத் தள்ளிப்போடக் காரணம் இருந்தது. உங்கள் பொருளிலும் அப்படி நடந்திருந்தால் 2025இன் எண் இயல்பானதல்ல. 2024ஐயும் சேர்த்துச் சராசரி எடுப்பது நியாயம். மிக்ஸிக்கு அப்போதும் இப்போதும் 18 சதவீதம்தான் என்பதால் நம் உதாரணத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

சரக்கு ஸ்கீம்: பத்துக்கு ஒன்று என்றால் பத்து சதவீதம் அல்ல

பண்டிகைக் கடிதத்தில் இரண்டு சலுகைகளைத் தனித்தனியாக வையுங்கள். ஒன்று, வாங்கும்போதே பில்லில் கிடைக்கும் சரக்கு ஸ்கீம். இன்னொன்று, காலம் முடிந்த பிறகு கிடைக்கும் டார்கெட் ஊக்கத்தொகை. ஒரே பத்தியில் இரண்டையும் கலந்து எழுதினால், "டார்கெட் எட்டினால்தான் இலவச பீஸா?" என்ற கேள்வி வரும்.

10+1 ஸ்கீமில் விநியோகஸ்தர் கைக்கு 11 பீஸ் வருகிறது. 10க்குப் பணம் கொடுக்கிறார். தள்ளுபடி 11இல் 1, அதாவது 9.09 சதவீதம். 25+3 என்றால் 28இல் 3, அதாவது 10.71 சதவீதம், பலர் நினைப்பது போல 12 அல்ல. விற்பனைப் பிரதிநிதி கடைத்தெருவில் "பத்து பர்சென்ட் ஸ்கீம், மொத்தமா எடுத்தா பன்னிரண்டு" என்று பேசிவிட்டால் அந்த எண்தான் மனதில் நிற்கும். கடிதத்தில் நிகர விலையை ரூபாயில் போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கு வேலை இல்லை.

பில் எப்படி வரும் என்பதையும் காட்டுங்கள். ஒரு பீஸ் 2,400 ரூபாய் என்றால், பில்லில் 11 பீஸ் 26,400, ஸ்கீம் தள்ளுபடி 2,400, வரிக்குரிய மதிப்பு 24,000, ஜிஎஸ்டி 4,320, மொத்தம் 28,320 என்று வரும். வரி சேராமல் ஒரு பீஸின் நிகர விலை 2,181 ரூபாய் 82 காசு. இலவச பீஸைத் தனி வரியில் பூஜ்ய விலையில் காட்டுவதைவிட இந்த முறை நல்லது. ஸ்டாக் எண்ணிக்கை ஒரே வரியில் இருக்கும். ரிட்டர்ன் வரும்போது எந்த பீஸ் இலவசம், எது விலைக்கு வாங்கியது என்ற குழப்பமும் வராது. இப்படி ஒரு விலைக்குள் கூடுதல் பீஸ் கொடுப்பதை ஜிஎஸ்டி துறை தனி அன்பளிப்பாகப் பார்ப்பதில்லை. மொத்தப் பீஸ்களையும் அந்த விலைக்கே கொடுத்ததாகத்தான் பார்க்கிறது. 2019 மார்ச் 7ஆம் தேதியிட்ட 92ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது.

அடுத்து, நடுவில் நிற்கும் எண்ணிக்கை. 18 பீஸ் வாங்கினால் என்ன? மீதி 8 அடுத்த பில்லோடு சேருமா? 35 வாங்கினால் 25+3ம் 10+1ம் சேர்த்து 4 இலவசமா, இல்லை மூன்று தடவை 10+1 போட்டு 3 மட்டுமா? 550 வாட்டில் 6, 750 வாட்டில் 4 சேர்த்தால் பத்தாகுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாத கடிதம் அரைகுறைக் கடிதம்.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய தகராறு சரக்குத் தட்டுப்பாட்டில் வருகிறது. செப்டம்பர் 25இல் ஆர்டரும் பணமும் வந்துவிட்டது; தொழிற்சாலையில் மோட்டார் வரவில்லை; பில் அக்டோபர் 4இல்தான் போடப்பட்டது. சரக்கு ஸ்கீமோ செப்டம்பர் 30இல் முடிந்துவிட்டதே! தாமதம் கம்பெனியுடையது என்றால் இழப்பு விநியோகஸ்தர் தலையில் விழக் கூடாது. ஆர்டர் எந்தத் தேதிக்குள், பணம் எந்தத் தேதிக்குள், பில் எதுவரை தள்ளலாம் என்று மூன்று தேதிகளையும் எழுதிவிடுங்கள்.

டார்கெட்: எதன் மேல் சதவீதம்?

இங்கே நான்கு விஷயங்கள் சொல்லப்பட வேண்டும். அவற்றில் எது விடுபட்டாலும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும்.

முதலாவது, கணக்கில் எடுக்கும் மதிப்பு. பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையா, ஜிஎஸ்டி நீக்கியதா, ஸ்கீம் தள்ளுபடிக்கு முந்தியதா பிந்தியதா? எளிதானது, பில்லில் தள்ளுபடி போன பிறகு வரும் வரிக்குரிய மதிப்பு. அது பில்லிலேயே அச்சாகியிருக்கிறது. இரு தரப்பும் ஒரே எண்ணைப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, ஸ்லாப் மாறும்போது உயர்ந்த சதவீதம் முழுத் தொகைக்கா, கூடுதல் தொகைக்கு மட்டுமா? டார்கெட் 23 லட்சம். 100 சதவீதத்துக்கு 1.5, 110க்கு 2, 120க்கு 2.5 என்று ஸ்லாப். விநியோகஸ்தர் 25,40,000 வாங்கினார். முழுத் தொகைக்கும் 2 சதவீதம் என்றால் 50,800 ரூபாய். டார்கெட் வரை 1.5, அதற்கு மேல் மட்டும் 2 என்றால் 34,500ம் 4,800ம் சேர்ந்து 39,300. "110 சதவீதம் எட்டினால் 2 சதவீதம்" என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம். "முதல் ரூபாயிலிருந்து முழுக் கொள்முதலுக்கும்" என்ற சொற்களைச் சேர்த்தால் இந்த 11,500 ரூபாய்த் தகராறு இல்லை.

மூன்றாவது, ரிட்டர்ன். விற்காமல் திரும்பி வந்த சரக்கைக் கழிப்பது சரி. பெட்டி திறந்ததும் ஓடாத மிக்ஸி, லாரியில் உடைந்த ஜார் ஆகியவற்றையும் கழித்தால் கம்பெனியின் குறைக்கு விநியோகஸ்தர் ஸ்லாப் இழப்பார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பின்னால் வரும் கணக்கில் பார்ப்போம்.

நான்காவது, கடைசி வாரத்துப் பில்லிங். ஸ்லாப் நெருங்கியதும் விற்பனை அதிகாரியும் விநியோகஸ்தரும் சேர்ந்து அக்டோபர் கடைசி நான்கு நாளில் பாதி டார்கெட்டை ஒரேயடியாகப் போடுவது நடைமுறை. ஊக்கத்தொகை வந்துவிடும், சரக்கு நகராது. அதை வெளியேற்ற விநியோகஸ்தர் தன் மார்ஜினை விட்டு அடுத்த ஏரியாவில் குறைந்த விலைக்குத் தள்ளுவார். அங்கிருக்கும் விநியோகஸ்தரின் விலை உடையும். இதைத் தடுக்க ஓர் உச்சவரம்பு போதும்: அக்டோபர் 25 முதலான பில்லிங்கில் டார்கெட்டின் 20 சதவீதம் வரைதான் கணக்கில் வரும். விற்பனைத் துறைக்கு இந்த வரி பிடிக்காது. ஆனாலும் விடாமல் சேர்க்க வேண்டிய வரி இது.

ஸ்லாப் எல்லாம் முடிவானதும், கடிதம் போகும் முன்பு உங்கள் பக்கச் செலவைக் கூட்டுங்கள். 25+3இல் வாங்கி 120 சதவீதமும் எட்டிய விநியோகஸ்தருக்கு, பட்டியல் விலையில் 10.71 சதவீதம் பில்லிலேயே போகிறது. மீதி 89.29இன் மேல் 2.5 சதவீதம், அதாவது 2.23. மொத்தம் 12.94. இந்த எண்ணை நிதிப் பிரிவு கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட பிறகே கடிதம் அச்சுக்குப் போக வேண்டும். நடுவில் ஸ்கீமைக் குறைப்பதைவிட மோசமான கடிதம் வேறில்லை.

கிரெடிட் நோட்டும் வரியும்

டார்கெட் ஊக்கத்தொகையைக் கிரெடிட் நோட்டாகக் கொடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜிஎஸ்டியோடு கூடிய கிரெடிட் நோட்: 50,800ம் அதன் 18 சதவீதம் 9,144ம் சேர்ந்து 59,944. கம்பெனி தன் வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும். விநியோகஸ்தர் தான் எடுத்த உள்ளீட்டு வரியில் 9,144ஐத் திருப்ப வேண்டும். இன்னொன்று, வரி இல்லாத வணிகக் கிரெடிட் நோட்: 50,800 மட்டும், விநியோகஸ்தர் உள்ளீட்டு வரியில் எதையும் திருப்ப வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 12ஆம் தேதிச் சுற்றறிக்கை, எண் 251, இதை உறுதிப்படுத்தியது. இரண்டிலும் விநியோகஸ்தருக்கு நிகரமாக மிஞ்சுவது 50,800தான். ஆனால் எந்த வழி என்று முன்பே சொல்லாவிட்டால் அவர் 59,944ஐ எதிர்பார்ப்பார். ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துக் கடிதத்தில் எழுதுங்கள். நிறைய விநியோகஸ்தர்கள் உள்ள சிறு நிறுவனத்துக்கு வணிகக் கிரெடிட் நோட்டே நிம்மதி. எத்தனை பேர் வரியைத் திருப்பினார்கள் என்று துரத்த வேண்டியதில்லை.

அதே சுற்றறிக்கையில் இன்னொரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. விநியோகஸ்தர் உங்களுக்காக விளம்பரம், கண்காட்சி போன்ற குறிப்பிட்ட பணியைச் செய்ய ஒப்புக்கொண்டு, அதற்கென்று ஒரு தொகை பேசப்பட்டிருந்தால், அது சேவைக்கான கட்டணம், ஜிஎஸ்டி உண்டு. எனவே "நீங்கள் செய்யும் விளம்பரப் பணிகளுக்காக இந்த ஊக்கத்தொகை" என்று மரியாதைக்காகக்கூட எழுத வேண்டாம். கடை அலங்காரத்துக்குப் பணம் கொடுப்பதானால் தனிக் கடிதம், தனிப் பில்.

தங்கக் காசு, வெளிநாட்டுச் சுற்றுலா என்று பொருளாகக் கொடுத்தால் வருமான வரி வருகிறது. 2022 ஜூலை 1 முதல், ஒரு நிதியாண்டில் இத்தகைய பலன்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டிடிஎஸ் உண்டு. பில்லில் வரும் தள்ளுபடிக்கும், அதே பொருளைக் கூடுதலாகக் கொடுக்கும் 10+1க்கும் இது பொருந்தாது. தங்கக் காசுக்கு டிடிஎஸ் தொகையை யார் ஏற்பது என்று எழுத மறந்தால், பரிசு வாங்க வந்தவரிடம் பணம் கேட்கும் நிலை வரும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. "இந்த விலைக்குக் கீழே கடைக்கு விற்கக் கூடாது, மீறினால் ஊக்கத்தொகை ரத்து" என்று எழுதும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது போட்டிச் சட்டத்தில் சிக்கல். டீலர்கள் கொடுக்கும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் ஒரு பெரிய கார் நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பரிந்துரை விலை என்று போடுங்கள். அதற்குக் கீழே விற்கும் உரிமையைப் பறிக்காதீர்கள்.

கடிதம்

ஸ்கீம் தொடங்க இரண்டு வாரமாவது முன்னால், ஆகஸ்ட் 14 வாக்கில், கடிதம் கைக்குப் போக வேண்டும். விநியோகஸ்தர் வங்கியில் வரம்பு கேட்கவும் குடோனில் இடம் பார்க்கவும் அந்த நாட்கள் தேவை. எல்லோருக்கும் பொதுவான கடிதம் ஒன்று; ஒவ்வொருவருக்கும் தனி டார்கெட் தாள் ஒன்று.

> தேதி: 14.08.2026
> கடித எண்: தீபாவளி/2026/01
>
> பெறுநர்: (விநியோகஸ்தர் நிறுவனத்தின் பெயர், ஊர்)
>
> பொருள்: தீபாவளி 2026 – சரக்கு ஸ்கீம், டார்கெட் ஊக்கத்தொகை
>
> ஐயா / அம்மையீர்,
>
> வணக்கம். இந்தப் பண்டிகைக் காலத்துக்கு இரண்டு சலுகைகளை அறிவிக்கிறோம். இரண்டும் தனித்தனி, ஒன்றைப் பெற மற்றொன்றை எட்ட வேண்டியதில்லை.
>
> அ. சரக்கு ஸ்கீம் (செப்டம்பர் 1 முதல் 30 வரை)
>
> 1. 550 வாட் மூன்று ஜார், 750 வாட் நான்கு ஜார் மாடல்களுக்கு மட்டும். ஒரே பில்லில் ஒரே மாடலில் 10 பீஸுக்கு 1, 25 பீஸுக்கு 3 கூடுதல். கூடுதல் பீஸின் விலை அதே பில்லில் தள்ளுபடியாகக் கழிக்கப்படும்.
>
> 2. 35 பீஸ் என்றால் 25+3, 10+1 இரண்டும் சேர்ந்து 4 கூடுதல். பத்துக்குக் குறைவான மீதி அடுத்த பில்லுக்குச் சேராது. இரண்டு மாடல்களைச் சேர்த்து எண்ணுவதில்லை.
>
> 3. செப்டம்பர் 26க்குள் ஆர்டரும் பணமும் வந்து, எங்களிடம் சரக்கு இல்லாமல் பில் தாமதமானால், அக்டோபர் 10 வரை போடப்படும் பில்லுக்கும் இந்த ஸ்கீம் உண்டு. அதற்குள்ளும் எங்களால் பில் போட முடியாவிட்டால் ஸ்கீம் தொகையைக் கிரெடிட் நோட்டாகத் தருவோம்.
>
> ஆ. டார்கெட் ஊக்கத்தொகை (செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை)
>
> 4. உங்கள் அடிப்படை அளவு: 2025 ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 12 வரையிலான நிகரக் கொள்முதல். டார்கெட்: அதோடு 15 சதவீதம். இரண்டு எண்களும் இணைப்பில் உள்ளன. அடிப்படை அளவில் மாறுபாடு இருந்தால் ஆகஸ்ட் 24க்குள் எழுதித் தெரிவியுங்கள்.
>
> 5. டார்கெட்டில் 90 சதவீதம் எட்டினால் 0.75, 100 எட்டினால் 1.5, 110 எட்டினால் 2, 120 எட்டினால் 2.5 சதவீதம். எட்டிய ஸ்லாபின் சதவீதம் முதல் ரூபாயிலிருந்து முழு நிகரக் கொள்முதலுக்கும் கிடைக்கும். சதவீதம் மேலே முழுமையாக்கப்படாது, 99.9 என்றால் 100 அல்ல.
>
> 6. நிகரக் கொள்முதல் என்பது, பில் தேதிப்படி, தள்ளுபடி போன பிறகு ஜிஎஸ்டி சேராத மதிப்பு. அதில் விற்பனையாகாமல் திரும்பிய சரக்கு கழிக்கப்படும். உற்பத்திக் குறை, போக்குவரத்துச் சேதம் காரணமாகத் திரும்பியது கழிக்கப்படாது. உதிரிப் பாகங்கள் சேராது.
>
> 7. அக்டோபர் 25 முதல் 31 வரையிலான பில்களில், டார்கெட்டின் 20 சதவீதம் வரை மட்டுமே கணக்கில் வரும்.
>
> 8. ஒவ்வொரு பில்லுக்கும் 30 நாள் தவணை. நவம்பர் 30இல் பணம் வராத பில்லுக்கு ஊக்கத்தொகை இல்லை. ஆனால் ஸ்லாப் கணக்கில் அந்தப் பில் சேரும்.
>
> 9. நவம்பர் 10க்குள் கணக்குத் தாள் அனுப்புவோம். டிசம்பர் 15க்குள் ஜிஎஸ்டி இல்லாத வணிகக் கிரெடிட் நோட்டாக ஊக்கத்தொகை வரும். நீங்கள் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியதில்லை.
>
> இ. பொது
>
> 10. விற்காத சரக்கில், ஸ்கீம் காலக் கொள்முதலின் 10 சதவீதம் வரை, பெட்டி பிரிக்காத நிலையில், நவம்பர் 30க்குள் வேறு மாடலுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய சரக்கு ரிட்டர்னாகக் கழிக்கப்படாது.
>
> 11. இந்தக் கடிதத்தில் இல்லாத கூடுதல் சலுகையை எங்கள் ஊழியர் யாராவது வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ சொன்னால், சரக்கு எடுக்கும் முன் தலைமை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கடித எண் உள்ள அறிவிப்பு மட்டுமே செல்லும்.
>
> 12. காலம் முடியும் முன் இந்த ஸ்கீமைக் குறைக்கவோ நிறுத்தவோ மாட்டோம்.
>
> உங்கள் ஒப்புதலை இணைப்பின் நகலில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.
>
> இப்படிக்கு,
> (பெயர்), விற்பனைப் பிரிவுத் தலைவர்
> ஸ்கீம் கணக்கு விசாரணைக்கு: (பெயர், தொலைபேசி)

இணைப்புத் தாள் சின்னது. விநியோகஸ்தரின் பெயர், ஜிஎஸ்டி எண், அடிப்படை அளவு 20,00,000, டார்கெட் 23,00,000, பிறகு ஒவ்வொரு ஸ்லாபுக்கும் தேவையான ரூபாய்: 90 சதவீதத்துக்கு 20,70,000, 110க்கு 25,30,000, 120க்கு 27,60,000. சதவீதத்தை மட்டும் கொடுத்துவிட்டு அவரைக் கணக்குப் போடச் சொல்லாதீர்கள். ரூபாயைப் பார்த்தால்தான் "இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும்" என்று அவருக்குத் தோன்றும்.

மதுரைக் கணக்கு

அக்டோபர் 31 மாலை, விநியோகஸ்தரின் பில்களில் வரிக்குரிய மதிப்பு மொத்தம் 25,80,000. கடைசி வாரப் பில்லிங் 3,90,000. வரம்பு 4,60,000 என்பதால் முழுவதும் கணக்கில் வருகிறது. திரும்பிய சரக்கு 60,000. அதில் 20,000 ரூபாய்ச் சரக்கு ஓடாத மிக்ஸிகளும் உடைந்த ஜார்களும்.

ஆறாவது பிரிவுப்படி 40,000 மட்டும் கழிகிறது. நிகரக் கொள்முதல் 25,40,000, டார்கெட்டில் 110.43 சதவீதம். ஸ்லாப் 2, ஊக்கத்தொகை 50,800.

"ரிட்டர்ன் கழிக்கப்படும்" என்று மட்டும் எழுதியிருந்தால் கம்பெனிக் கணக்கர் 60,000ஐயும் கழிப்பார். 25,20,000; 109.57 சதவீதம். ஸ்லாப் 1.5க்கு இறங்கி ஊக்கத்தொகை 37,800 ஆகிவிடும். ரிட்டர்னைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் இருந்தால் விநியோகஸ்தர் முழு 25,80,000ஐ எடுத்து 51,600 கேட்பார். ஒரே வியாபாரம், ஒரே பில்கள், மூன்று விடைகள். 20,000 ரூபாய்ச் சரக்கு 13,000 ரூபாய் ஊக்கத்தொகையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றால், அதை விளக்கும் ஒரு வரி கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும்.

பணம் கட்டுவதையும் சேர்த்துப் பாருங்கள். நவம்பர் 30இல் 1,40,000 ரூபாய் பில் ஒன்று நிலுவை. எட்டாவது பிரிவுப்படி ஸ்லாப் 2 சதவீதமாகவே நிற்கும்; ஊக்கத்தொகை 24,00,000க்குத்தான், அதாவது 48,000. "நிலுவை இருந்தால் ஊக்கத்தொகை ரத்து" என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு. ஒரு செக் இரண்டு நாள் தாமதமானதற்கு 50,800ஐயும் இழப்பது விநியோகஸ்தருக்குத் தண்டனையாகத்தான் தெரியும். மறு வருடம் அவர் போட்டி கம்பெனியின் சரக்கை முன்னால் அடுக்குவார்.

அனுப்பிய பிறகு

கடிதம் போன வாரத்தில் இரண்டு விஷயங்களைச் சோதியுங்கள். பில்லிங் மென்பொருளில் 10+1, 25+3 இரண்டும் கடிதத்தில் உள்ளபடி ஏறியிருக்கின்றனவா என்று 18, 35 பீஸ்களுக்குச் சோதனைப் பில் போட்டுப் பாருங்கள். 18க்கு 1, 35க்கு 4 வர வேண்டும். பல நிறுவனங்களில் கடிதம் சரியாக இருந்தும் மென்பொருள் 35க்கு 3 மட்டும் கொடுக்கும். விநியோகஸ்தர் அக்டோபரில் கண்டுபிடிக்கும்போது நாற்பது பில்களைத் திருத்த வேண்டியிருக்கும். அடுத்து, பிரதிநிதிகள் அனைவரையும் உட்காரவைத்து மதுரைக் கணக்கு மாதிரி ஒன்றைக் கையால் போடச் சொல்லுங்கள். இருவருக்கு வெவ்வேறு விடை வந்தால், எந்தப் பிரிவில் பிரிந்தார்கள் என்று பார்த்து, விளக்கக் கடிதம் ஒன்றை ஆகஸ்ட் முடிவதற்குள் அனுப்புங்கள்.

செப்டம்பர் 30, அக்டோபர் 15, அக்டோபர் 24 ஆகிய மூன்று நாட்களில் ஒவ்வொருவருக்கும் அதுவரையிலான நிகரக் கொள்முதல், சதவீதம், அடுத்த ஸ்லாபுக்குத் தேவையான ரூபாய் என்று மூன்று எண்கள் மட்டும் உள்ள செய்தி போகட்டும். ரிட்டர்ன் பதிவில் தவறு இருந்தால் அப்போதே பிடிபடும்.

நவம்பர் கணக்குத் தாளில் பில் எண், தேதி, மதிப்பு, ரிட்டர்ன் என்றால் அதன் காரணம் ஆகியவை வரிசையாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போட்ட தாள் கேள்விகளைத்தான் கொண்டுவரும். விநியோகஸ்தர் ஏதாவது ஒரு வரியை மறுத்தால், அந்த வரி சம்பந்தப்பட்ட தொகையை மட்டும் நிறுத்திவையுங்கள். மறுப்பில்லாத மீதிக்கு டிசம்பர் 15 கிரெடிட் நோட் அதே தேதியில் போக வேண்டும். தகராறான வரிக்கு, ரிட்டர்ன் சீட்டையும் சர்வீஸ் சென்டர் அறிக்கையையும் வைத்து இரு தரப்பும் ஒப்புக்கொண்டதும் இரண்டாவது கிரெடிட் நோட் போடலாம்.